இது கவிதையா, மடக்கிப் போட்ட உரைநடையா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள மண்டபம் என்ற ஊரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, அவரவர் எழுதியதை வாசிக்கிறோம். பாம்பன், வேதாளை, தேவிபட்டினம், கீழக்கரை என்று பக்கத்து ஊர்களிலிருந்து வருவார்கள். நான் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைச் சேர்த்து, பதிலோடு எழுதியிருக்கிறேன்.

"உரைநடையை மடக்கி மடக்கிப் போட்டுக் கவிதை என்கிறாய்" என்று நண்பன் சொல்கிறான். அவன் சொல்வது சரிதானா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

வரிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பத்தியாக எழுதுங்கள். கையால் எழுதுவது நல்லது. முற்றுப்புள்ளி, காற்புள்ளி எல்லாம் உரைநடைக்கு வைப்பதுபோலவே வையுங்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். அப்புறம் அதை இரண்டு மூன்று நாள் மறந்துவிடுங்கள். மறக்காமல் உடனே படித்தால், பழைய வரிகள் கண்ணுக்குள்ளேயே நின்று உங்களை ஏமாற்றும்.

திரும்ப எடுத்துப் படிக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: ஏதாவது குறைந்திருக்கிறதா? முன்பு இருந்த ஒரு தயக்கம், ஒரு சொல்லுக்கு இருந்த இரண்டாவது பொருள், மூச்சு நின்ற ஓர் இடம், இதில் எதுவாவது காணாமல் போயிருந்தால் உங்கள் வரிகள் ஏதோ வேலை செய்திருக்கின்றன. எதுவுமே குறையவில்லை, சொல்லப்போனால் பத்தியாகப் படிக்க இன்னும் வசதியாக இருக்கிறது என்றால், நண்பன் சொன்னது சரி.

இதற்கு அடுத்த படி ஒன்று உண்டு. கவிதையைப் பார்க்காத மூன்று பேரிடம் அந்தப் பத்தியைக் கொடுங்கள். "இதைக் கவிதையாகப் பிரித்தால் எங்கெங்கே பிரிப்பாய்? கோடு போட்டுக் காட்டு" என்று சொல்லுங்கள். எத்தனை வரி என்று சொல்லாதீர்கள். மூன்று பேரும் உங்கள் இடத்திலேயே கோடு போட வேண்டும் என்பதில்லை. அவர்கள் போட்ட கோட்டையும் உங்கள் வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், "ஐயோ, இங்கே பிரித்தால் கெட்டுப்போகுமே" என்று நெஞ்சு பதற வேண்டும். "இப்படியும் பிரிக்கலாம்தான்" என்று தோன்றினால், நீங்கள் பிரித்ததற்கும் காரணம் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

உண்மையான ஒரு வரைவை வைத்துச் செய்துகாட்ட முடியுமா?

எங்கள் கூட்டத்துக்கு வரும் பெண் ஒருவர் எழுதியது, அவர் சம்மதத்தோடு தருகிறேன். அவருடைய அம்மா தனுஷ்கோடியில் இருந்தவர். 1964 புயலில் ஊர் அழிந்த பிறகும் அங்கே மீனவர் குடிசைகள் உண்டு. குடிதண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். அவர் முதலில் கொண்டுவந்தது இது:

தனுஷ்கோடியில்
அம்மா
மணலைத் தோண்டி
நல்ல தண்ணீர் எடுப்பாள்
கடல்
பத்தடி தூரத்தில்தான்
இருக்கும்
ஆனாலும் அந்தத் தண்ணீர்
உப்புக் கரிக்காது
வாழ்க்கையும்
இப்படித்தான்
துன்பத்தின் அருகில்தான்
இன்பம் இருக்கிறது

சேர்த்து எழுதினோம். "தனுஷ்கோடியில் அம்மா மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பாள். கடல் பத்தடி தூரத்தில்தான் இருக்கும். ஆனாலும் அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்காது. வாழ்க்கையும் இப்படித்தான், துன்பத்தின் அருகில்தான் இன்பம் இருக்கிறது."

நான்கு வாக்கியம். நல்ல வாக்கியங்கள்தான். பள்ளிக்கூடக் கட்டுரையில் வந்தால் பாராட்டலாம். ஆனால் பதின்மூன்று வரியாக இருந்தபோது கிடைத்தது எதுவும் இப்போது குறையவில்லை. கூட்டத்தில் மூன்று பேரைப் பிரிக்கச் சொன்னோம். ஒருவர் ஆறு வரியாகவும், ஒருவர் எட்டாகவும், இன்னொருவர் பதினைந்தாகவும் பிரித்தார்கள். எழுதியவரே பார்த்துவிட்டு, "எட்டு வரி நல்லா இருக்கே" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே சோதனை முடிந்துவிட்டது.

ஏன் இப்படி ஆனது? இரண்டு காரணம். முதலாவது, எல்லா முறிவும் பேச்சில் இயல்பாகவே நிறுத்தும் இடத்தில் விழுகிறது. "தோண்டி" என்றதும் யாரும் கொஞ்சம் நிறுத்துவார்கள். அங்கே வரியை முறிப்பது காற்புள்ளி வைத்த இடத்தில் இன்னொரு காற்புள்ளி வைப்பதுதான். இரண்டாவது, "அம்மா", "கடல்", "இருக்கும்" ஆகிய சொற்கள் தனி வரியில் நிற்கின்றன. தனி வரி என்பது கூட்டத்தில் ஒருவரை எழுப்பி நிறுத்துவது மாதிரி. எழுந்தவர் ஏதாவது சொல்ல வேண்டும். "இருக்கும்" எழுந்து நின்று என்ன சொல்கிறது?

கடைசி நான்கு வரியைப் பற்றி அவரிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அந்த நான்கு வரியை எழுத அம்மாவும் தேவையில்லை, தனுஷ்கோடியும் தேவையில்லை. சேற்றுத் தாமரையை வைத்தும் எழுதலாம், ரோஜா முள்ளை வைத்தும் எழுதலாம்.

அந்த வரைவை அப்புறம் என்ன செய்தீர்கள்?

வரியைத் தொடவே இல்லை. அவரிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டோம். எவ்வளவு ஆழம் தோண்டுவார்? எதில் அள்ளுவார்? எவ்வளவு நேரம் ஆகும்? அப்போதுதான் அவர் ஒன்று சொன்னார்: "ஆழமாத் தோண்டக்கூடாது சார், உப்பு வந்திரும்."

அது உண்மை. மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் கடல்தண்ணீரைவிட எடை குறைந்தது. அதனால் அது கீழே கிடக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். மேலோட்டமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு இன்னும் கொஞ்சம் இறங்கினால் படலத்தைத் தாண்டிவிடுவோம். வேகமாக அள்ளினாலும் கீழே இருப்பது மேலே ஏறும். ஆகவே கொஞ்சம் அள்ளிவிட்டு, ஊறும்வரை காத்திருக்க வேண்டும். இது எதுவுமே முதல் வரைவில் இல்லை. "மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பாள்" என்ற ஒரே வாக்கியம் அத்தனையையும் மூடிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அவர் கொண்டுவந்தது:

முழங்கை ஆழம். அதற்குமேல்
தோண்டமாட்டாள் அம்மா. இன்னொரு கை
அள்ளினால் கடல்.

ஒரு சிரட்டை. அப்புறம் ஊறும்வரை
இருப்பாள். ஒரு சிரட்டை.
ஊறும்வரை

இருட்டில்
தண்ணீர் விழும் சத்தம் மாறியதும்
எழுவாள். குடத்துக்குள் பார்த்ததில்லை.

இதையும் அதே சோதனைக்கு உட்படுத்தினோம். சேர்த்து எழுதியபோது முதலில் அடிபட்டது "இன்னொரு கை". கவிதையில் அந்தச் சொல் வரியின் கடைசியில் நிற்கிறது. ஒரு கணம் அதைத் துணைக்கு வரும் இன்னோர் ஆளின் கையாகப் படிக்கிறோம். அடுத்த வரிக்குப் போனதும்தான் அது ஒரு கை மணல் என்று தெரிகிறது. அந்தப் பெண்ணுக்குத் துணைக்கு இன்னொரு கை இல்லை என்பதைக் கவிதை சொல்லாமலே சொல்லிவிட்டது. பத்தியில் "இன்னொரு கை அள்ளினால் கடல்" என்று ஓடும்போது அளவு மட்டும் மிஞ்சுகிறது. ஆள் போய்விட்டார்.

அடுத்து, இரண்டாவது "ஊறும்வரை". அதற்குப் பிறகு வினை இல்லை. முதல் முறை "ஊறும்வரை இருப்பாள்" என்று கேட்ட காது, இரண்டாம் முறையும் "இருப்பாள்" வரும் என்று காத்திருக்கிறது. வருவது வெறும் இடைவெளி. படிக்கிறவரும் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறார். அதைத் தாண்டினால் இருட்டிவிட்டது. பத்தியாக்கினால், "ஊறும்வரை இருட்டில் தண்ணீர் விழும் சத்தம் மாறியதும் எழுவாள்" என்று ஒட்டிக்கொண்டு, வாக்கியமே குழம்புகிறது. சேர்த்தால் உடையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

மூன்றாவது பகுதி அவ்வளவு வலுவாக இல்லை என்பது என் எண்ணம். "எழுவாள். குடத்துக்குள் பார்த்ததில்லை" என்பதை எங்கே முறித்தாலும் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் குடம் நிறைய நிறையச் சத்தம் மாறும் என்பது கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். அந்தச் செய்தியே அந்த வரிகளைத் தாங்கிக்கொள்கிறது. எல்லா வரியும் முறிவை நம்பி நிற்க வேண்டியதில்லை.

வரியை எங்கே முறிக்க வேண்டும் என்பது எழுதுகிறவரின் சுதந்திரம் இல்லையா? அதற்குப் போய் இலக்கணமா?

சுதந்திரம்தான். ஆனால் தமிழ் வாக்கியத்தின் அமைப்பு உங்களுக்கு என்ன கொடுக்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள் என்கிறேன்.

நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. ஆணா பெண்ணா, நடந்ததா நடக்கப்போகிறதா, நடந்ததா நடக்கவில்லையா, எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. அதனால் வினைக்கு முன்னால் முறித்தால் வாசகர் ஒன்றுமே தெரியாமல் விளிம்பில் நிற்பார். "கடலுக்குப் போன அப்பா நேற்று ராத்திரி வந்தார்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போன அப்பா நேற்று ராத்திரி
வந்தார்

முதல் வரியின் கடைசியில் நிற்கும்போது "வந்தார்" என்று தெரியாது. "வரவில்லை" என்றும் இருக்கலாம். கச்சான் காற்று அடிக்கும் நாளில், கரையில் இருக்கும் ஒரு வீட்டுக்கு அந்த இடைவெளிதான் அந்த ராத்திரி முழுவதும். இங்கே முறிவு வேலை செய்கிறது.

அதே மாதிரி "காலையில் எழுந்து காபி / குடித்தேன்" என்று முறித்தால் ஒன்றும் இல்லை. காபியை வேறு என்ன செய்வார்கள்? வினை இன்னதுதான் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் விளிம்பு இல்லை.

இன்னோர் இடம் பெயரெச்சத்துக்கும் பெயருக்கும் நடுவில் இருக்கிறது. "வராத", "கிழிந்த", "சொல்லாமல் போன" என்று ஒரு சொல் வந்தாலே, அடுத்து ஒரு பெயர் வந்தாக வேண்டும் என்று காது கையை நீட்டிவிடும். அங்கே முறித்தால் இழுப்பு பலமாக இருக்கும். "கிழிந்த" என்று முடிந்தால் வலையா, சேலையா, பாயா என்று தெரியாது. ஆனால் இழுத்த இழுப்புக்கு ஏற்ற பெயர் அடுத்த வரியில் இருக்க வேண்டும். எல்லா வரியையும் இப்படி முறித்தால் ரோட்டில் பத்தடிக்கு ஒரு வேகத்தடை போட்ட மாதிரி ஆகிவிடும்.

சொல்லையே பிளந்து "சொல்ல / வில்லை" என்று எழுதுகிறவர்கள் நிறைய. "சொல்ல" என்று நம்பவைத்து "வில்லை" என்று கவிழ்ப்பது. ஒருமுறை நன்றாக இருக்கும். ஒரு தொகுப்பில் நான்கு இடத்தில் பார்த்தால் கை பழகிய வித்தை என்று தெரிந்துவிடும்.

சங்கப் பாட்டுகளிலும் வாக்கியம் வரி தாண்டி ஓடுகிறதே? அதுவும் மடக்கிப் போட்டது தானே?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் நம் பனை ஓலையிலேயே இருக்கிறது.

ஓலைச்சுவடியில் பாட்டை வரி வரியாக எழுதமாட்டார்கள். ஓலை முடியும்வரை ஒரே ஓட்டமாக எழுதுவார்கள். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளிகூட இருக்காது. அடிக்கு அடி பிரித்து அச்சில் கொடுத்தது பின்னால் வந்த உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள். அதாவது, நாம் செய்யும் "சேர்த்து எழுதும்" சோதனையை நம் பழைய கவிதைகள் அத்தனையும் நூற்றுக்கணக்கான வருடம் அனுபவித்துவிட்டு வந்திருக்கின்றன. அடி தொலைந்துவிடவில்லை. ஏனென்றால் அது கண்ணில் இல்லை, காதில் இருந்தது.

குறுந்தொகை 40-ஆம் பாட்டை ஓலையில் இருந்த மாதிரி எழுதிப் பாருங்கள்: யாயும் ஞாயும் யாரா கியரோ எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர் யானும் நீயும் எவ்வழி யறிதும் செம்புலப் பெயனீர் போல அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே. வாய்விட்டுச் சொன்னால் எங்கே அடி முடிகிறது என்பதை யாரும் சொல்லிவிடலாம். "யாயும்", "யாரா" என்று மோனை நிற்கிறது. "எந்தையும்", "எம்முறை" என்று மறுபடி மோனை. அடிக்கு நான்கு சீர். கடைசிக்கு முந்திய அடியில் மட்டும் மூன்று சீர், "செம்புலப் பெயனீர் போல". அது நேரிசை ஆசிரியப்பாவின் விதி. பாட்டு முடியப்போகிறது என்று காதுக்குச் சொல்லும் மணி அது. அந்தக் குறைந்த அடியிலேயே செம்மண்ணில் விழுந்த மழை வந்து நிற்பதைப் பாருங்கள். ஒரு சீர் குறைவதால் "போல" என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு மூச்சு கிடைக்கிறது. அப்புறம்தான் நெஞ்சங்கள் கலக்கின்றன. இந்தப் பாட்டை எத்தனை முறை வகுப்பில் நடத்தினாலும் அந்த இடத்தில் எனக்குக் குரல் தானாகத் தணிந்துவிடும்.

ந. பிச்சமூர்த்தியின் "காதல்" 1934-இல் மணிக்கொடியில் வந்தது. யாப்பை விட்ட கவிதை அதிலிருந்து தொடங்குகிறது என்பார்கள். யாப்பை விட்டதும், அடி எங்கே முடிகிறது என்று சொல்ல மோனையும் இல்லை, எதுகையும் இல்லை, சீர்க்கணக்கும் இல்லை. அந்த வேலையை வேறு எதுவாவது செய்தாக வேண்டும். மூச்சு, இரட்டைப் பொருள், காத்திருப்பு, திரும்ப வரும் சொல், இப்படி ஏதோ ஒன்று. எதுவும் செய்யாதபோது தாளின் வெள்ளை இடம் மட்டும் மிஞ்சும். அதைத்தான் உங்கள் நண்பர்கள் மடக்கிப் போட்டது என்கிறார்கள்.

அப்படியானால் எதுகை மோனையோடு எழுதிவிட்டால் கவிதை ஆகிவிடுமா?

ஆகாது. நிகண்டுகள் எல்லாம் செய்யுளில்தான் இருக்கின்றன, வைத்திய நூல்களும் அப்படித்தான். மனப்பாடம் செய்ய வசதி. யாப்பு இருந்தால் அது செய்யுள். அடி சரியாக நிற்கும், அவ்வளவுதான்.

உவமை, படிமம் எல்லாம் நிறையவே வைத்திருக்கிறேன். அப்படியும் உரைநடை என்கிறார்களே?

உரைநடையிலும் உவமை உண்டு. பாம்பன் மீன் ஏலக்கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் எந்தத் தொகுப்பிலும் இல்லாத உவமைகள் காதில் விழும். அவர்கள் யாரும் கவிதை எழுதிக்கொண்டிருக்கவில்லை, மீன் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். உவமை நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. வரிகளுக்குக் காரணம் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்குப் பதில் சொல்லி இரண்டாவதைத் தாண்ட முடியாது.

சத்தமாக வாசித்துப் பார் என்கிறார்கள். வாசிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ஓர் எச்சரிக்கை. நீங்களே வாசிக்காதீர்கள். நமக்கெல்லாம் ஒரு "கவிதைக் குரல்" இருக்கிறது. கவியரங்கம் பார்த்துப் பழகியது. ஒரு வரியை இரண்டு முறை சொல்வது, நடுவில் நிறுத்திக் கூட்டத்தைப் பார்ப்பது, கடைசிச் சொல்லை இழுப்பது. அந்தக் குரலில் ரேஷன் கார்டு விண்ணப்பத்தை வாசித்தால்கூடக் கவிதை மாதிரிதான் கேட்கும். உங்கள் வரைவை வேறொருவரிடம் கொடுத்து, செய்தித்தாள் படிப்பதுபோல வாசிக்கச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். பிறகு தாளைப் பார்க்காமல் கேளுங்கள்.

வரியின் முடிவில் அவர் குரல் எதையாவது செய்கிறதா? கொஞ்சம் தயங்குகிறதா, ஏறுகிறதா, அடுத்த சொல்லுக்கு அவசரப்படுகிறதா? முறிவைக் கவனிக்காமலே தாண்டிப் போனால் அது அவர் தவறு இல்லை. அந்த இடத்தில் அவரைத் தடுத்து நிறுத்த நீங்கள் எதுவும் வைக்கவில்லை.

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்கிப் பாடிக் கயிற்றை இழுப்பார்கள். அதில் ஒரு வரி என்பது ஓர் இழுப்பு. வரி இரண்டு சொல் நீண்டுவிட்டால் இழுப்புத் தப்பும், கை சோரும், வலை பின்வாங்கும். அங்கே வரி எங்கே முடிய வேண்டும் என்பதைக் கடலில் கிடக்கும் வலையின் எடை முடிவு செய்கிறது. நான் சின்ன வயதில் அந்தக் கயிற்றில் கை வைத்திருக்கிறேன். எந்த வரைவைப் பார்த்தாலும், "இந்த வரியை எந்த எடை முடித்துவைக்கிறது?" என்றுதான் இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

சோதனையில் தோற்ற வரைவைக் கிழித்துப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். அது உரைநடையாக இருக்க விரும்புகிறது, இருக்க விடுங்கள்.

கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி நான் ஒன்று எழுதினேன். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவார்கள். நாற்பது வரிக் கவிதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேர்த்து எழுதியபோது ஒன்று கண்ணில் பட்டது: "ஏனென்றால்", "அதனால்", "ஆனாலும்", "இதற்கிடையில்" என்று இணைப்புச் சொற்கள் நிறைய, ஒன்றை எடுத்தாலும் பொருள் அறுந்துபோனது. எந்த மாதம் எந்தப் பாசி, ஏன் முன்புபோலத் தீவுப் பக்கம் போக முடியவில்லை, விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக விளக்கிக்கொண்டு போவதுதான் அதன் உயிர். விளக்கத்துக்கு உரைநடைதான் சரியான வீடு. மடக்கிய வரிகள் அந்த விளக்கத்தை மூச்சுத் திணற வைத்திருந்தன. பத்தியாக்கி, இன்னும் இரண்டு பக்கம் சேர்த்தேன். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த கட்டுரை அதுதான்.

ஆகவே உங்கள் வரைவில் இணைப்புச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். அவை இல்லாமலே நின்றால், இன்னும் இறுகினால், அதற்குள் கவிதை இருக்கலாம். சரிந்து விழுந்தால் அது கட்டுரை.

பத்தியாகவே எழுதும் கவிதை இருக்கிறதே? அதை எப்படிச் சோதிப்பது?

பாரதி வசன கவிதை எழுதியிருக்கிறார். அதில் வாக்கியங்கள் சின்னதாக, ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப வந்து, ஒரு மந்திரம் மாதிரி ஏறிக்கொண்டே போகும். அப்படிப்பட்டதற்குத் தலைகீழ்ச் சோதனை. அதை வரி வரியாக மடக்கிப் பாருங்கள். மடக்கியதால் எதுவும் கூடவில்லை, வேகம் மட்டும் குறைந்துவிட்டது என்றால், பத்தி என்பதுதான் அதன் உருவம்.

போனில் படிக்கும்போது நீள வரி தானாக மடிந்துவிடுகிறது. வாசகருக்கு என் வரி எது என்று எப்படித் தெரியும்?

தெரியாமலும் போகும். என் அனுபவத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் போகும் வரிகள் பெரும்பாலான போன்களில் மடிகின்றன. தமிழ்ச் சொல் நீளம் என்பதால் இந்தச் சிக்கல் நமக்கு அதிகம். நீள வரிதான் வேண்டும் என்றால், மடியும் பகுதி உள்ளே தள்ளி நிற்பதுபோல அமையுங்கள், அல்லது படமாக அனுப்புங்கள். திரைக்கு அடங்க வேண்டும் என்பதற்காக மட்டும் வரியைக் குறுக்காதீர்கள். வரியை உங்கள் காது முடிக்க வேண்டும், போன் கம்பெனி முடிக்கக்கூடாது.

இந்தச் சோதனை தவறாகச் சொன்னதே கிடையாதா?

உண்டு. தேவிபட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். அவர் கவிதையில் ஒவ்வொரு வரியும் ஒரு முழு வாக்கியம். முறிவு எல்லாம் முற்றுப்புள்ளியில்தான். சேர்த்து எழுதினால் சாதாரணப் பத்திதான். மூன்று பேரிடம் கொடுத்தால் மூன்று பேரும் சரியாக அவர் பிரித்த இடத்திலேயே பிரிப்பார்கள். அது நல்ல அடையாளமா, கெட்ட அடையாளமா என்று எங்களால் முதலில் முடிவு செய்ய முடியவில்லை.

அவர் இறந்துபோன தம்பியைப் பற்றி எழுதியிருந்தார். தம்பி விட்டுப்போன பொருட்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு வரியையும் "அப்படியே இருக்கு" என்று முடித்திருந்தார். துடுப்பு அப்படியே இருக்கு. பீடிக்கட்டு அப்படியே இருக்கு. சட்டை ஆணியில் அப்படியே இருக்கு. பதினோரு வரி. நான் சோதனைப்படி, "ஐயா, இது பட்டியலாக இருக்கிறது" என்றேன். எங்கள் கூட்டத்தில் இருந்த ஓர் அம்மா குறுக்கிட்டு, "சார், நீங்க ஒப்பாரி கேட்டதில்லையா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒப்பாரியில் வரி எங்கும் வழியாது. ஒவ்வொரு வரியும் தானாக முடிந்து, அழுகைக்கு இடம் விட்டு, மறுபடி அதே இடத்துக்குத் திரும்பி வரும். அங்கே வரியைக் கட்டுவது திரும்ப வரும் அந்த முடிவு. நான் முறிவுக்குள் இரகசியம் தேடிக்கொண்டிருந்தேன். அவருடைய கவிதையில் இரகசியமே இல்லை. பத்தியாக எழுதியதும் அது தட்டையானதற்குக் காரணம், நாங்கள் கண்ணால் மட்டும் படித்ததுதான். அதே பத்தியை வாய்விட்டுப் படித்திருந்தால், ஓலையில் இருந்த பழைய பாட்டு மாதிரி அடிகள் தாமாகவே எழுந்து நின்றிருக்கும்.

அதற்குப் பிறகு நாங்கள் வரிசையை மாற்றிவிட்டோம். முதலில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கிறோம், அப்புறம்தான் சேர்த்து எழுதுகிறோம். அந்தப் பெரியவர் போன மாதம் அதே கவிதையில் பன்னிரண்டாவது வரி ஒன்று சேர்த்துக்கொண்டு வந்தார். அதில் தம்பி விட்டுப்போன பொருள் எதுவும் இல்லை, "நான்" என்று தொடங்கினார். "அப்படியே" வரை வந்து, "இருக்கு" என்று சொல்லாமல் தாளை மடித்து வைத்துவிட்டார்.